பவர் நிறைய, ஸ்பீடு இல்லை: எஸ்என்ஆருக்கும் எஸ்ஐஎன்ஆருக்கும் நடுவில் இருப்பது

கேள்வி: "டிரைவ் டெஸ்ட் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எஸ்என்ஆர், எஸ்ஐஎன்ஆர் இரண்டும் ஒன்றுதானா? 4ஜி டெஸ்டில் ஒரு இடத்தில் ஆர்எஸ்ஆர்பி -82 வருகிறது, ஆனால் டவுன்லோடு இழுக்கிறது. ஊருக்கு வெளியே -112, அங்கே நன்றாகவே ஓடுகிறது. எந்த எண்ணைப் பார்த்து ஒரு செல் நல்லது, மோசம் என்று சொல்வது?"

ஒன்றல்ல. இரண்டிலும் மேலே இருப்பது ஒன்றுதான்: உங்கள் போன் பிடித்துக்கொண்டிருக்கும் செல்லின் சிக்னல். கீழே இருப்பதுதான் வேறு. எஸ்என்ஆரில் கீழே வெறும் இரைச்சல் மட்டும். எஸ்ஐஎன்ஆரில் அந்த இரைச்சலோடு, அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும் மற்ற செல்களின் சிக்னலும் சேர்ந்துகொள்கிறது.

```
SNR  = S / N
SINR = S / (I + N)
```

உங்கள் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த I என்ற ஒரே எழுத்தில் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். முதலில் இரைச்சலை எடுத்துக்கொள்வோம்.

சாதாரண அறை வெப்பநிலையில் எந்த ரிசீவராக இருந்தாலும், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு -174 டிபிஎம் வெப்ப இரைச்சல் இருந்தே தீரும். 4ஜியில் ஒரு சப்கேரியரின் அகலம் 15 கிலோஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்குக் கணக்கிட்டால் 42 டிபி கூடி -132 ஆகிறது. போனின் ரிசீவர் தன் பங்குக்கு ஒரு 7 டிபி சேர்க்கும் என்று வைத்துக்கொள்ளலாம். போனுக்குப் போன் இது கொஞ்சம் மாறும். ஆக, ஒரு சப்கேரியருக்கு இரைச்சல் சுமார் -125 டிபிஎம். ஆர்எஸ்ஆர்பியும் ஒரு சப்கேரியருக்கான அளவுதான். மொத்த 20 மெகாஹெர்ட்ஸில் வரும் பவர் அல்ல. ரெஃபரன்ஸ் சிக்னல் வரும் ஒவ்வொரு சப்கேரியரிலும் கிடைக்கும் பவரின் சராசரி. அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடலாம்.

இந்த -125 நீங்கள் எங்கே போனாலும் கிட்டத்தட்ட மாறாது. டவருக்கு அடியில் நின்றாலும் அதே, வயல்வெளியில் நின்றாலும் அதே. அப்படியானால் எஸ்என்ஆர் என்பது ஆர்எஸ்ஆர்பியோடு 125-ஐக் கூட்டினால் வரும் எண், அவ்வளவுதான். ஆர்எஸ்ஆர்பி சொல்லாத எதையும் அது புதிதாகச் சொல்லிவிடாது. அதனால்தான் டிரைவ் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எஸ்என்ஆருக்கென்று தனி வரைபடம் யாரும் கேட்பதில்லை, எஸ்ஐஎன்ஆரைக் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஓடும் சில ஆப்களில் `SNR` அல்லது `RSSNR` என்று ஒரு எண் வரும். பெயரில் I இல்லையே என்று அதைச் சுத்தமான எஸ்என்ஆர் என எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெஃபரன்ஸ் சிக்னல் எப்படி இருக்கும் என்பது போனுக்கு முன்கூட்டியே தெரியும். வந்ததிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் கெட்டது என்று கணக்கில் வைக்கும். அந்த மிச்சத்தில் எது வெப்ப இரைச்சல், எது பக்கத்து செல் என்று போன் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே திரையில் பெயர் எதுவாக இருந்தாலும், பிஸியான நெட்வொர்க்கில் நீங்கள் படிப்பது நடைமுறையில் எஸ்ஐஎன்ஆர்தான்.

சரி, இப்போது உங்கள் -82 இடத்துக்கு வருவோம். நெய்பர் செல்களின் எண்களை நீங்கள் எழுதவில்லை. நல்ல பவர் இருந்தும் வேகம் இல்லாத இடங்களில் நான் அடிக்கடி பார்க்கிற மாதிரியான எண்களை வைத்துப் போடுகிறேன். உங்கள் லாக்கைத் திறந்து, அதே விநாடிக்கான நெய்பர் பட்டியலைப் பார்த்து, என் எண்களுக்குப் பதிலாக உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

```
          RSRP (dBm)
Serving      -82
Neighbor 1   -84
Neighbor 2   -87
```

டிபிஎம் எண்களை அப்படியே கூட்டக் கூடாது. முதலில் வாட்டுக்கு மாற்ற வேண்டும். -82 டிபிஎம் என்பது 6.3 பிகோவாட். -84 என்பது 4 பிகோவாட், -87 என்பது 2. இரண்டு நெய்பரும் சேர்ந்து 6 பிகோவாட். இரைச்சல் -125, அதாவது 0.00032 பிகோவாட், இந்தக் கூட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எஸ்என்ஆர் பார்த்தால் 6.3-ஐ 0.00032-ஆல் வகுக்க 20,000 மடங்கு, அதாவது 43 டிபி. அருமையான எண். எஸ்ஐஎன்ஆர் பார்த்தால் 6.3-ஐ 6-ஆல் வகுக்க ஒன்றுக்குச் சற்று மேலே, அதாவது 0.2 டிபி. ஒரே இடம், ஒரே விநாடி, ஒன்று 43 சொல்கிறது, மற்றது பூஜ்யம் சொல்கிறது. உங்கள் காதருகே ஒருவர் கத்திப் பேசுகிறார், ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட அதே சத்தத்தில் வேறு கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நிலைமை.

ஊருக்கு வெளியே உள்ள -112 இடத்தில் பவர் வெறும் 0.0063 பிகோவாட். முதல் இடத்தில் கிடைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அங்கே அதே அலைவரிசையில் வேறு செல் எதுவும் எட்டவில்லை என்றால், கீழே இருப்பது 0.00032 மட்டும். வகுத்தால் 20 மடங்கு, 13 டிபி. குறுக்கீடே இல்லாததால் எஸ்என்ஆரும் எஸ்ஐஎன்ஆரும் அங்கே ஒரே எண்.

1948-ல் ஷானன் கொடுத்த வரம்புச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால், பூஜ்யம் டிபியில் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்குச் சுமார் 1 பிட், 13 டிபியில் சுமார் 4.4 பிட். நிஜ போன் இந்த வரம்பைத் தொடாது. இரண்டு ஆன்டெனாவில் தனித்தனி ஓட்டமாக டேட்டா அனுப்பும்போது கணக்கும் வேறு. ஆனால் நான்கு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. பவர் ஆயிரம் மடங்கு குறைந்த இடத்தில் வேகம் நான்கு மடங்கு கூடுதலாகக் கிடைக்க முடியும்.

ஆனால் -112 இடத்தை "நல்ல கவரேஜ்" என்று எழுதிவிடாதீர்கள். இதுவரை பேசியது டவரிலிருந்து போனுக்கு வரும் திசை. திரும்பிப் போகும் திசையில் போனுக்கு இருக்கிற அதிகபட்ச பவர் 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட். செல் ஒரு சப்கேரியருக்கு 18 டிபிஎம் அளவில் ரெஃபரன்ஸ் சிக்னல் அனுப்புகிறது என்று வைத்தால், வழியில் இழப்பது 130 டிபி. போன் முழு பவரில் கத்தினாலும் டவரில் போய்ச் சேர்வது -107 தான். 12 சப்கேரியர் சேர்ந்த ஒரே ஒரு ரிசோர்ஸ் பிளாக்கில் அத்தனை பவரையும் கொட்டினால் டவரின் ரிசீவரில் 11 டிபி வரை கிடைக்கும். பத்து பிளாக்குக்குப் பரப்பினால் 1 டிபிக்கு இறங்கிவிடும். அதனால் அங்கே டவுன்லோடு ஓடும், வீடியோ பார்க்கலாம், ஆனால் அப்லோடு திணறும். காருக்குள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டாலோ, ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலோ இன்னும் பத்து டிபி போனால் வாய்ஸ் காலே விட்டுவிட்டு வரும். ஆர்எஸ்ஆர்பியின் உண்மையான பயன் இங்கேதான். அது டவரிலிருந்து நீங்கள் எத்தனை டிபி தள்ளி இருக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. அந்தத் தூரம் இரண்டு திசைக்கும் பொது. லாக்கில் போனின் டிரான்ஸ்மிட் பவர் என்று ஒரு எண் இருக்கும். அது 23-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்தால், எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடம் விளிம்புதான்.

அடுத்து ஆர்எஸ்ஆர்க்யூ. பெயரில் "குவாலிட்டி" இருப்பதால் புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் முதலில் நம்புகிறார்கள். நான் இதைத் தனியாக ஒருபோதும் நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

```
RSRQ = N × RSRP / RSSI
```

இதில் N என்பது ரிசோர்ஸ் பிளாக்குகளின் எண்ணிக்கை. ஆர்எஸ்எஸ்ஐ என்பது அந்த அகலம் முழுக்க வந்து சேரும் மொத்தப் பவர்: உங்கள் செல், பக்கத்து செல்கள், இரைச்சல் எல்லாம் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது, உங்கள் செல்லின் சொந்த டேட்டாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒரு பிளாக்கில் 12 சப்கேரியர்கள். இரண்டு ஆன்டெனா போர்ட் உள்ள செல்லில் யாருமே டேட்டா எடுக்காதபோது, ரெஃபரன்ஸ் சிக்னல் வரும் அந்தக் கணத்தில் 12-ல் 4 மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அப்போது ஆர்எஸ்ஆர்க்யூ நான்கில் ஒன்று, -6 டிபி. செல் முழுக்க நிரம்பினால் 12-ம் எரியும்; பன்னிரண்டில் ஒன்று, -10.8 டிபி. பவர் செட்டிங்கைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் இருக்கும். நெய்பரே இல்லாத, குறுக்கீடே இல்லாத இடத்திலும், நீங்களே ஒரு பெரிய ஃபைலை டவுன்லோடு செய்ய ஆரம்பித்த நொடியில் ஆர்எஸ்ஆர்க்யூ -6-லிருந்து -11 பக்கம் விழும். எதுவும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் செல்லைப் பயன்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டு இடத்துக்கும் எல்லாச் செல்லும் நிரம்பிய நிலையில் இதைப் போட்டுப் பார்த்தால், -82 இடத்தில் -13.7, -112 இடத்தில் -11. எஸ்ஐஎன்ஆரில் 13 டிபி வித்தியாசம் தெரிந்த இரண்டு இடங்கள் ஆர்எஸ்ஆர்க்யூவில் 3 டிபிகூட விலகவில்லை. அளவுகோல் அங்கே அவ்வளவு நெருங்கிப்போய்விடுகிறது. ஐடிலில் எடுத்த லாக்கையும் டவுன்லோடு ஓடும்போது எடுத்த லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆர்எஸ்ஆர்க்யூ மோசமாகிவிட்டது" என்று எழுதுவது நான் அதிகம் பார்த்த தவறு. -15-க்குக் கீழே போனால் நெய்பர்கள் நிச்சயம் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், அல்லது சிக்னல் இரைச்சலோடு உரசிக்கொண்டிருக்கிறது. -11-க்கு மேலே இருந்தால் அந்த ஒரு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்படியென்றால் எஸ்ஐஎன்ஆரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதுவும் முடியாது. டூலில் வரும் எஸ்ஐஎன்ஆர் ரெஃபரன்ஸ் சிக்னல் மேல் எடுத்த அளவு. டேட்டா போகும் சப்கேரியர்களில் நிலைமை வேறாக இருக்கலாம். இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. கோவையில் ஒரு நால்ரோட்டில் இரவு ஒரு மணிக்கு நின்று புரிந்துகொண்டேன்.

2300 மெகாஹெர்ட்ஸ் டிடிடி நெட்வொர்க், 20 மெகாஹெர்ட்ஸ். நால்ரோட்டின் நடுவில் சர்விங் செல் -85, எதிர்ப்பக்கத்து நெய்பர் -86. அந்த நேரத்தில் நெட்வொர்க்கில் ஆளே இல்லை. ஆனாலும் எஸ்ஐஎன்ஆர் 1, 2 என்றே நின்றது. விசித்திரம் என்னவென்றால், டவுன்லோடு வேகம் அந்த எஸ்ஐஎன்ஆருக்குப் பொருந்தாத அளவுக்கு நன்றாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நெய்பர் பட்டியலைப் பார்த்தேன். செல்லின் அடையாள எண்தான் பிசிஐ; சர்விங் செல்லின் பிசிஐ 120, நெய்பரின் பிசிஐ 243. இரண்டையும் மூன்றால் வகுத்தால் மீதி பூஜ்யம்.

இரண்டு ஆன்டெனா போர்ட் உள்ள செல்லில் ரெஃபரன்ஸ் சிக்னல் மூன்று சப்கேரியருக்கு ஒன்று என்ற இடைவெளியில் வரும். எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை பிசிஐதான் முடிவு செய்கிறது. பிசிஐயை மூன்றால் வகுத்தால் வரும் மீதி இரண்டு செல்லுக்கும் ஒரே எண்ணாக இருந்தால், அவற்றின் ரெஃபரன்ஸ் சிக்னல்கள் இரண்டும் ஒரே சப்கேரியரில் போய் மோதும். டிடிடியில் எல்லாச் செல்லும் ஒரே நேரக் கணக்கில் ஓடுவதால் மோதல் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று விழும். ரெஃபரன்ஸ் சிக்னல் என்பது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் போய்க்கொண்டிருப்பது. ஆகவே நெய்பரில் ஒருவர்கூட இல்லாத நேரத்திலும் அளவீட்டில் எஸ்ஐஎன்ஆர் அடி வாங்கும். டேட்டா சப்கேரியர்களோ காலியாக, சுத்தமாக இருக்கும். வேகம் ஒரு கதை சொல்ல, எஸ்ஐஎன்ஆர் வேறு கதை சொன்னது இதனால்தான். அதற்காக மோதல் தீங்கில்லாதது என்று சொல்லவில்லை. ரெஃபரன்ஸை வைத்துத்தான் போன் சேனலை அளக்கிறது. அது கலங்கினால் போன் அனுப்பும் தர அறிக்கையும் தாழ்ந்துபோகும், கிடைக்க வேண்டிய வேகத்தில் ஒரு பங்கு வீணாகும்.

எதிர்ப்பக்கத்து டவரில் இரண்டு செக்டார்களின் பிசிஐயை மாற்றிப் போடச் சொன்னோம். 243 இருந்த இடத்தில் 244 வந்தது. அடுத்த நாள் இரவு அதே இடத்தில் எஸ்ஐஎன்ஆர் 15-க்கு மேலே. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல், -85-க்கும் -86-க்கும் நடுவில் 15 டிபி எப்படி நிரந்தரமாக வரும் என்று. மறுநாள் மாலை ஏழு மணிக்கு, கடைகளெல்லாம் திறந்து கூட்டம் நெரியும் நேரத்தில், அதே நால்ரோட்டைச் சுற்றினோம். எஸ்ஐஎன்ஆர் 3. இப்போது நம் ரெஃபரன்ஸ் சிக்னல் மேல் விழுவது நெய்பரின் ரெஃபரன்ஸ் அல்ல, நெய்பரின் டேட்டா. இரவில் டேட்டா இல்லை, அதனால் 15. மாலையில் நெய்பர் நிரம்பி வழிகிறது, அதனால் 3. இடம் மாறவில்லை, பவர் மாறவில்லை. இரண்டு செல்களும் ஒரே பலத்தில் அந்த நால்ரோட்டில் வந்து விழுகின்றன என்ற அடிப்படைப் பிரச்சினை அப்படியே இருந்தது. பிசிஐ மாற்றம் தேவையான வேலைதான், ஆனால் அது அளவீட்டில் இருந்த ஒரு கோளாறைத்தான் நீக்கியது. மீதிக்கு ஆன்டெனாவின் சாய்வை, அதாவது டில்ட்டைத்தான் தொட வேண்டியிருந்தது.

அதிலிருந்து எஸ்ஐஎன்ஆர் எண்ணை யார் காட்டினாலும் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எந்த நேரத்தில் எடுத்தது? பக்கத்துச் செல்லின் பிசிஐ என்ன? இந்த இரண்டும் தெரியாமல் 15 நல்லது, 2 மோசம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இனி ஒரு செல்லை மதிப்பிடுவது. முதலில், ஒரு புள்ளியை வைத்துச் செல்லைத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அந்தச் செல் சர்விங்காக இருந்த எல்லாச் சாம்பிளையும் தனியே பிரித்தெடுங்கள். பிறகு அவற்றை நேரப்படி சராசரி எடுக்காமல், தூரப்படி கட்டங்களாகப் பிரியுங்கள். ஏன் தெரியுமா? விநாடிக்கு ஒரு சாம்பிள் என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டரைக் கடக்கும்போது நான்கைந்து சாம்பிள் விழும். டிராஃபிக் சிக்னலில் 90 விநாடி நின்றால் ஒரே புள்ளியில் 90 சாம்பிள் விழும். அந்தச் சிக்னல் நிற்கும் இடம் மோசமான இடமாக இருந்தால், அரை கிலோமீட்டர் நல்ல சாலையையும் அது அமுக்கிவிடும். 50 மீட்டர் கட்டத்துக்கு ஒரு எண் என்று வைத்துவிட்டு, எத்தனை சதவீதக் கட்டங்கள் எந்த அளவுக்கு மேலே இருக்கின்றன என்று பாருங்கள்.

எந்த அளவு என்பதற்குத் தரநிலை எதுவும் பதில் சொல்வதில்லை. 3ஜிபிபி ஆவணம் ஆர்எஸ்ஆர்பிக்கு -140 முதல் -44 வரை என்று சொல்வது போன் அனுப்பும் அறிக்கையின் எல்லை மட்டும். எது நல்லது என்ற தீர்ப்பு அதில் இல்லை. நான் வேலை செய்த இடங்களில் ஆர்எஸ்ஆர்பி -95-க்கு மேலே இருந்தால் தெருவில் கவலையில்லை, -105-க்குக் கீழே விளிம்பு, -115-க்குக் கீழே போய்விட்டது என்று எடுத்துக்கொள்வோம். எஸ்ஐஎன்ஆர் 13-க்கு மேல் வசதி, 5-க்குக் கீழ் விசாரணை, பூஜ்யத்துக்குக் கீழ் கட்டாயம் கை வைக்க வேண்டியது. இவை பழக்கத்தில் வந்த எண்கள். உங்கள் கம்பெனியின் அக்செப்டன்ஸ் தாளில் வேறு எண்கள் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். போன் டாஷ்போர்டில் இருந்ததா, வண்டிக் கூரையில் ஆன்டெனா வைத்து எடுத்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலேயே பல டிபி மாறிவிடும்.

பிறகு ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். இரண்டும் தாழ்ந்திருந்தால் அந்த இடத்துக்குச் சிக்னலே போதவில்லை. தடுப்பு, தூரம், அல்லது ஆன்டெனா தவறான பக்கம் பார்க்கிறது. ஆர்எஸ்ஆர்பி தாழ்ந்து எஸ்ஐஎன்ஆர் உயர்ந்திருந்தால் உங்கள் -112 இடம்: தனித்து நிற்கும் செல்லின் விளிம்பு. ஆர்எஸ்ஆர்பி உயர்ந்து எஸ்ஐஎன்ஆர் தாழ்ந்திருந்தால் உங்கள் -82 இடம். அங்கே உடனே நெய்பர் பட்டியலுக்குப் போங்கள். சர்விங்கிலிருந்து 5, 6 டிபிக்குள் எத்தனை செல்கள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தால் அது சாதாரண எல்லை. ஹேண்டோவர் நடந்து கடந்துபோய்விடும். இரண்டு, மூன்று இருந்து அந்த நிலைமை நூறு இருநூறு மீட்டருக்கு நீடித்தால், அந்த இடத்துக்குச் சொந்தக்காரச் செல் யாருமில்லை என்று அர்த்தம். இரண்டு எண்ணும் நன்றாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் ரேடியோவை விட்டுவிட்டு, விநாடிக்கு எத்தனை ரிசோர்ஸ் பிளாக் உங்கள் போனுக்குக் கிடைத்தது என்று பாருங்கள். பிளாக் குறைவாகக் கிடைத்திருந்தால் செல்லில் கூட்டம், அல்லது டவருக்குப் பின்னால் போகும் லைனில் நெரிசல். அங்கே டில்ட்டைத் திருகிப் பிரயோஜனமில்லை.

சொந்தக்காரர் இல்லாத இடத்தில் எந்தச் செல் அத்துமீறுகிறது என்று கண்டுபிடிக்க, போன் டவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் டைமிங் அட்வான்ஸ் உதவும். 4ஜியில் அதன் ஒரு படி 78 மீட்டர். சந்தேகப்படும் செல் அந்தத் தெருவில் சில விநாடிகளாவது சர்விங்காக வந்திருக்கும்; அப்போது டைமிங் அட்வான்ஸ் 40 என்றிருந்தால், சிக்னல் சுமார் 3.1 கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறது. சுற்றிலும் அரை கிலோமீட்டருக்கு ஒரு டவர் இருக்கும் பகுதியில் அது வர வேண்டிய தேவையே இல்லை. அதன் ஆன்டெனாவைத்தான் கீழே சாய்க்க வேண்டும். போன் தான் கண்டுபிடித்த நெய்பர்களை மட்டும்தான் பட்டியலில் காட்டும் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனர் வைத்து ஒரு முறை ஓட்டுவது நல்லது.

இதெல்லாம் சாலையில் கிடைக்கும் உண்மை. கட்டடத்துக்குள், மூன்றாவது மாடியில் என்ன என்பதை டிரைவ் டெஸ்ட் சொல்லாது. 5ஜிக்கு இதே எண்களை அப்படியே கொண்டுபோகவும் முடியாது. அங்கே அளக்கப்படுவது எஸ்எஸ்பி என்ற ஒளிபரப்புக் கற்றை. டேட்டா போகும் கற்றை அதைவிடக் கூர்மையாக உங்கள் பக்கம் திரும்பியிருக்கலாம். அதனால் திரையில் தெரியும் எஸ்எஸ்-எஸ்ஐஎன்ஆருக்கும் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு 4ஜியைவிடத் தளர்வாகவே இருக்கும்.

கடைசியாக உங்கள் -82 இடத்துக்கே திரும்புகிறேன். -84-ல் நிற்கும் முதல் நெய்பர்தான் எங்கிருந்தோ தாண்டி வருகிறது என்று தெரிந்து, அதன் டில்ட்டைச் சரிசெய்து, அது அங்கே -93-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 4 பிகோவாட் இருந்த இடத்தில் அரை பிகோவாட். இரண்டாவது நெய்பரின் 2-ஐச் சேர்த்தால் குறுக்கீடு 2.5. எஸ்ஐஎன்ஆர் 6.3-ஐ 2.5-ஆல் வகுக்க 4 டிபி. ஷானன் கணக்கில் 1 பிட் இருந்தது 1.8 ஆகிறது. சர்விங் செல்லின் ஆர்எஸ்ஆர்பி அதே -82-தான். பவர் வரைபடத்தை மட்டும் மேலே அனுப்பினால், அந்த இடத்தில் எதுவும் மாறவில்லை என்றுதான் பார்ப்பவர் சொல்வார். ஆகவே மறுபடி ஓட்டும்போது அதே பாதை, அதே போன், அதே நேரம் வைத்து ஓட்டுங்கள். முன்பின் எஸ்ஐஎன்ஆரையும் நெய்பர் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். டில்ட் இறக்கிய செல்லின் சொந்தத் தெருக்களையும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அங்கே எங்காவது ஆர்எஸ்ஆர்பி -110-க்குக் கீழே போயிருந்தால் ஒரு டிகிரி திரும்ப மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.